மரவள்ளிப் பையில் முதல் ஆளாக இறங்குவது

கேள்வி: ஆத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு சேகோ ஆலை இருக்கிறது. மரவள்ளி ஸ்டார்ச்சிலிருந்து மக்கும் கேரி பேக் தயாரிக்க மெஷின் போடலாம் என்று யோசிக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் இதை யாரும் செய்யவில்லை. முதலில் இறங்கினால் சந்தை உங்கள் கையில் என்கிறார் மெஷின் விற்பவர். முதலில் போகிறவன்தான் அடி வாங்குவான் என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் நடந்திருக்கிறது. சேலத்தில் ஒரு வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், "மாவட்டத்திலேயே முதல் நிறுவனம்" என்ற வரி உள்ள திட்ட அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன். அந்த வரியை எழுதியவர்களில் சிலர் இன்று நன்றாக இருக்கிறார்கள். பலருடைய மெஷினை நாங்களே ஏலத்தில் விட்டோம். முதலில் இறங்குபவருக்குக் கிடைப்பது கொஞ்சம் காலம் மட்டுமே. அந்தக் காலத்துக்குள், பின்னால் வருபவர் காசு கொடுத்தாலும் எளிதில் வாங்க முடியாத ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டால் நீங்கள் தப்பித்தீர்கள். அப்படி எதுவும் வராவிட்டால், அடுத்தவர் நடக்க நீங்கள் செலவழித்துப் பாதை போட்டதாகத்தான் ஆகும்.

உங்கள் சொந்தத் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் இல்லை. இரண்டாம் உலகப் போரில் மலேயா ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோயிற்று. 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் ஜவ்வரிசித் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். சரக்குக்குத் தட்டுப்பாடு, கிழங்கு பக்கத்திலேயே கிடைக்கிறது, செய்முறை தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்கிறார் என்று எல்லாம் கூடி வந்த நேரம் அது. இதைவிட நல்ல நேரத்தில் ஒருவர் முதலில் இறங்கிவிட முடியாது.

ஆனால் அந்தச் செய்முறையை யோசித்துப் பாருங்கள். கிழங்கை அரைத்துப் பாலை வடித்து, திப்பியை ஒதுக்கி, தொட்டியில் மாவைப் படியவைத்து, துணியில் போட்டு ஆட்டி உருண்டையாக்கி, வறுத்து, களத்தில் காயவைக்க வேண்டும். இதில் எந்தப் படியும் நான்கு சுவருக்குள் மறைத்துச் செய்யக்கூடியது அல்ல. ஒரு கொட்டகையில் ஒரு பருவம் வேலை பார்த்தவர் அடுத்த பருவம் இன்னொரு கொட்டகைக்கு மேஸ்திரியாகப் போகலாம், போனார். கருவிகளை மேம்படுத்தியது சேலத்து மெக்கானிக்குகள்; பட்டறை வைத்திருப்பவர் தன் மெஷினை ஒருவருக்கு மட்டும் விற்றுவிட்டு நிற்க மாட்டார். ஆகவே அறிவு கிழங்குப்பாலைப் போல வழிந்து ஓடியது. சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் தொடங்கப்பட்டபோது இங்கே ஆலைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவர்களுடைய முக்கியக் கவலையே இடைத்தரகர்களிடமிருந்து சரியான விலை பெறுவது எப்படி என்பதாகத்தான் இருந்தது. முதலில் இறங்கியவர்களால் ஊருக்கே ஒரு தொழில் கிடைத்தது. அவர்களுக்கு மட்டும் என்று வேலி போட்ட சந்தை ஒன்று கிடைக்கவில்லை. உங்கள் தாத்தாவோ அப்பாவோ ஆலை போட்டதும் அந்த வழிந்தோடிய அறிவை வைத்துத்தான் இருக்கும். அப்பாவின் எச்சரிக்கையில் அந்த அனுபவமும் கலந்திருக்கலாம்.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. கோல்டர், டெல்லிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் 50 பொருள் வகைகளில் சுமார் 500 பிராண்டுகளின் வரலாற்றைப் பழைய பத்திரிகைச் செய்திகளிலிருந்து தோண்டி எடுத்தார்கள். முதலில் இறங்கிய பிராண்டுகளில் 47 சதவீதம் தோற்றுப் போயிருந்தன, அவற்றின் சராசரிச் சந்தைப் பங்கு 10 சதவீதம்தான் என்று தெரிய வந்தது. தொடக்க காலத்தில் சந்தையைக் கைப்பற்றித் தலைமைக்கு வந்த பிராண்டுகள், முன்னோடிகளுக்குச் சராசரியாக 13 ஆண்டுகள் கழித்து நுழைந்தவை. அதற்கு முந்தைய ஆய்வுகள் முன்னோடிகளுக்கு மிகப் பெரிய சாதகம் இருப்பதாகச் சொல்லிவந்ததன் காரணம் எளிது: அவை இன்றும் உயிரோடு இருக்கும் நிறுவனங்களைக் கேட்டு எழுதப்பட்டவை. செத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை, ஜெயித்தவர்களோ "நாங்கள்தான் முதல்" என்று சொல்லிக்கொண்டார்கள். டயாபர் என்றதும் பாம்பர்ஸ் நினைவுக்கு வருகிறது. அது 1961இல் வந்தது. அமெரிக்காவில் சக்ஸ் என்ற பெயரில் தூக்கி எறியும் டயாபர் 1930களிலேயே விற்பனையில் இருந்தது. இன்று அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மெஷின் விற்பவர் உங்களிடம் சொன்ன வெற்றிக் கதைகளையும் இப்படி ஒருமுறை சலித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களையே எடுத்துக்கொண்டாலும், மரவள்ளிப் பை கோவையிலும் பெங்களூரிலும் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டதுதான். ஆகவே நீங்கள் முதல் ஆள் என்பது ஆத்தூர் அளவில்தான் உண்மை.

வாடிக்கையாளர் ஒருமுறை வந்துவிட்டால் மாற மாட்டார், அதனால் முதலில் பிடித்தவருக்கு ஆதாயம் என்பது அடுத்த வாதம். இது சில தொழில்களில் மெய்யாகவே பலமான சாதகம். ஆனால் அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் அதைப் பார்க்கத் தவறிய ஒரு கடனைச் சொல்கிறேன். 2000களின் தொடக்கத்தில் எங்கள் கிளை வாடிக்கையாளர் ஒருவர் தம் பகுதியில் முதல் ஆளாக 20 லிட்டர் குடிநீர் கேன் விநியோகம் தொடங்கினார். ஒரு கேனுக்கு 150 ரூபாய் முன்பணம். முன்பணம் கொடுத்த வீடு வேறு ஆளிடம் போகத் தயங்கும், போவதென்றால் இன்னொரு 150 ரூபாய் கட்ட வேண்டும் என்பதை வைத்து நானே அந்தக் கடனுக்குப் பரிந்துரை எழுதினேன். கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது கோடையில் புதிதாக வந்த இன்னொருவர் வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "காலி கேன் எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவாயில்லைங்க, குடுங்க, முழு கேன் தர்றேன்." அவ்வளவுதான். கேன்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே மூடி. எங்கள் வாடிக்கையாளர் முதலீடு போட்டு வாங்கி வீடுகளில் இறக்கியிருந்த கேன்கள், போட்டியாளரின் வண்டியில் சுற்ற ஆரம்பித்தன. அவர் ஒருநாள் கிளைக்கு வந்து, தம் பெயர் ஸ்டிக்கர் பாதி கிழிந்த கேன் ஒன்றை எதிர்த்தரப்பு வண்டியிலிருந்து கேட்டு வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார். மாறுவதற்கான செலவு என்று நாங்கள் நினைத்தது அந்தக் கேனில் இல்லை. "பிறர் கேனை வாங்கக் கூடாது" என்ற ஊர் வழக்கத்தில்தான் இருந்தது. அந்த வழக்கத்தை உடைக்க ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

காலிப் பொருளைக் கொண்டே இதற்கு நேர் எதிரான காரியத்தைச் செய்தவர் ஒருவரும் தமிழ்நாட்டில் இருக்கிறார். ஷாம்புவைச் சிறிய சாஷேயில் அடைத்து விற்கும் யோசனைக்கு முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய குடும்பத்தின் வெல்வெட் சாஷே ஏற்கெனவே சந்தையில் இருந்தபோது, மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் வீட்டை விட்டுத் தனியே வந்து 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அவர் முதல் ஆள் அல்ல. எந்த பிராண்டாக இருந்தாலும் ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார். பழகியபின், சிக் சாஷேயின் காலி உறை மட்டுமே செல்லும் என்று மாற்றினார். கிராமத்து மக்களுக்கு சாஷே ஷாம்புவைப் பழக்கும் பாதி வேலையை முன்னால் வந்தவர்கள் செய்து வைத்திருந்தார்கள். அவர் முதலில் அந்தப் பழக்கத்தின்மேல் ஏறிக்கொண்டு, பிறகு கதவைத் தம் பக்கமிருந்து சாத்தினார்.

இனி உங்கள் பைக்கு வருகிறேன். தனி மரவள்ளி ஸ்டார்ச்சில் பை ஊத முடியாது. அது உடையும், தண்ணீர் பட்டால் கரையும். ஸ்டார்ச்சுடன் கிளிசரின் போன்றவற்றைச் சேர்த்து இளக்கி, மக்கக்கூடிய பாலியெஸ்டர் ஒன்றுடன் கலந்து குருணையாக்கி, அந்தக் குருணையைத்தான் பிளாஸ்டிக் பை ஊதும் அதே வகை மெஷினில், வெப்பத்தைக் குறைத்து, ஈரம் படாமல் ஓட்ட வேண்டும். மெஷின் விற்பவர் உங்களுக்குச் சொல்லும் திட்டத்தில் குருணையையும் வெளியே வாங்கச் சொல்வார் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் உங்கள் தொழில்நுட்பம் முழுவதும் லாரியில் வந்து இறங்குகிறது. அதே லாரி அடுத்த மாதம் தலைவாசலுக்கும் ராசிபுரத்துக்கும் போகலாம். ஸ்டார்ச் ஆலை வைத்திருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் அனுகூலம் என்று ஒன்றும் அதில் இல்லை. பாலித்தீன் பை ஊதிக்கொண்டிருந்து தடைக்குப்பின் மெஷினைச் சும்மா போட்டு வைத்திருக்கும் ஒருவர், உங்களைவிடக் குறைந்த முதலீட்டில் உள்ளே வர முடியும்.

உங்கள் முன்தொடக்கம் எத்தனை மாதம் என்பதைக் கணக்குப் போடலாம். கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை; உங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மெஷின் வந்து நிற்க நான்கு மாதம். மக்கும் பை என்று விற்க 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்கான IS 17088 சோதனையில், உரமாக்கும் சூழலில் வைத்து ஆறு மாதம் வரை அந்தப் பொருள் எவ்வளவு மக்குகிறது என்று அளப்பார்கள். விண்ணப்பத்தையும் சேர்த்து எட்டு மாதம் என்று வையுங்கள். ஆக, முன்பணம் கட்டிய பன்னிரண்டாவது மாதம்தான் சட்டப்படி முதல் பையை விற்பீர்கள்.

பக்கத்து ஆலைக்காரருக்கும் அதே பன்னிரண்டு மாதம் தேவை. அவர் எப்போது தொடங்குகிறார் என்பதுதான் கேள்வி. நீங்கள் ஆறு மாதம் விற்று லாபம் பார்ப்பதைக் கண்டபின் தொடங்கினால், நீங்கள் தனியாக விற்கும் காலம் பதினெட்டு மாதம். உங்கள் மெஷின் லாரியிலிருந்து இறங்குவதைக் கண்ட அன்றே தொடங்கினால் வெறும் நான்கு மாதம். நம் ஊரில் ஒரு மெஷின் வந்து இறங்கியதை நான்கு மாதம் மறைத்துவைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மாதம் ஐந்து டன் விற்று, கிலோவுக்கு 25 ரூபாய் மிஞ்சுவதாகக் கொண்டால் மாத லாபம் 1.25 லட்சம். பதினெட்டு மாதத்தில் 22.5 லட்சம், நான்கு மாதத்தில் 5 லட்சம். இதற்கு எதிரில், முதலில் இறங்குபவருக்கு மட்டுமே உரிய செலவை எழுதுங்கள்: கடை கடையாகக் கொடுக்கும் மாதிரிப் பைகள், சுடு தண்ணீரில் போட்டுக் காட்டுவது, எரித்துக் காட்டுவது, சரியான வெப்பம் பிடிபடும்வரை வீணாகும் குருணை, வெயிலில் சேமித்து வைத்து முறிந்துபோகும் முதல் சரக்கு. இது 10 லட்சம் ஆனால், முதல் நிலையில் உங்களுக்கு 12.5 லட்சம் மிச்சம்; இரண்டாம் நிலையில் 5 லட்சம் கைநஷ்டம். இரண்டாவதாக வருபவர் இந்தப் பத்து லட்சத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்க மாட்டார், ஏனென்றால் கடைக்காரருக்கு நீங்கள் ஏற்கெனவே காட்டிவிட்டீர்கள். போதாக்குறைக்கு, வெப்பம் பிடித்துப் பழகிய உங்கள் ஆபரேட்டரைக் கூடுதல் சம்பளத்தில் அழைத்துக்கொள்வார். முதல் மாதமே ஐந்து டன் விற்றுவிடும் என்று நான் எழுதியதும் தாராளம்தான்.

சந்தையின் வேகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சந்தை மக்களின் விருப்பத்தில் பிறந்தது என்பதைவிட, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள்மீது தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் வந்த தடைகளால் பிறந்தது என்று சொல்வதே பொருத்தம். சோதனை நடக்கும் வாரத்தில் கடைவீதியில் துணிப்பை தொங்கும், அது ஓய்ந்ததும் மேசைக்கு அடியிலிருந்து பழைய கேரி பேக் வெளியே வரும். இப்படி அதிகாரிகளின் கையில் ஏறி இறங்கும் சந்தையில், முதலில் வந்தவர் சந்தை சூடுபிடிக்கும்வரை வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்; அது சூடுபிடிக்கும் நேரத்தில் அவருடைய மெஷின் பழசாகியும் கை காலியாகியும் இருக்கும். நான் ஏலத்தில் விட்டதாகச் சொன்ன மெஷின்களில் பல இந்த வகைதான். அவர்களுடைய யோசனை தவறாகவே இருக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டு முந்திவிட்டார்கள்.

ஆகவே கேரி பேக்கைப் பொறுத்தவரை உங்கள் அப்பா சொல்வதோடு நிற்கிறேன். ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. உங்களிடம் ஸ்டார்ச் இருக்கிறது, அதை எப்படிக் கலப்பது என்று மாதக்கணக்கில் முயன்று பார்க்க இடமும் ஆட்களும் இருக்கிறார்கள், மேலே மலை இருக்கிறது. ஏற்காட்டில் காபி நாற்றுகளை இன்னமும் பிளாஸ்டிக் பையில்தான் வளர்க்கிறார்கள். விதை குளிர்காலத்தில் போடப்படும், முளைத்த கன்று கோடைக்கு முன் பைக்கு மாறும், மழையோடு நடவு. நடும்போது ஒவ்வொரு கன்றுக்கும் பையைக் கிழித்து உருவ ஆள் வேண்டும், கிழித்த பை சரிவில் கிடக்கும். ஆள் கிடைக்காத மலையில் அந்த வேலையை மிச்சப்படுத்தும் பைக்கு எஸ்டேட்காரர் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயங்க மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடைய தோட்டத்து நாற்றங்காலில் இப்படி மக்கும் பையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏப்ரலில் நான் போனபோது, தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றியதில் பையின் அடிப்பாகம் வழுவழுவென்று இளகியிருந்தது. நாற்றங்கால் பார்க்கும் அம்மா ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மண் அப்படியே கீழே கொட்டி, கன்று வேரோடு கையில் நின்றது. "மேல நல்லாத்தானுங்க இருக்கு, அடிதான் தாங்க மாட்டேங்குது" என்றார். நடவு வரை ஆறேழு மாதம் தாங்கி, மண்ணுக்குள் போனபின் வேருக்கு வழிவிட வேண்டிய பை, இரண்டே மாதத்தில் கைவிட்டது.

உங்களுக்குச் சாதகம் இருக்கும் இடம் இந்தத் தோல்விதான். அடிப்பாகத்தைத் தடிப்பாக்குவதா, கலவையில் ஸ்டார்ச்சைக் குறைப்பதா, தண்ணீர் வடிய ஓட்டையை எங்கே போடுவது என்பதையெல்லாம் எந்த மெஷின்காரரும் விற்க முடியாது. நாற்றங்காலில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும், அதற்கு வருடத்துக்கு ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஒரு கலவை தவறினால் திருத்தத்தைச் சோதிக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். மூன்று பருவம் முயன்று ஒரு பையை நிலைப்படுத்தியவரைப் பின்னால் வருபவர் பணத்தால் விரட்டிப் பிடிக்க முடியாது. அவருக்கும் மழை வருடத்துக்கு அதே முறைதான் வரும். உங்கள் பையின் ஒரு துண்டை எடுத்துச் சென்று அதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாலும், எந்த நீர்விடும் பழக்கத்துக்கு எந்தக் கலவை என்ற குறிப்பேடு உங்களிடம்தான் இருக்கும். எஸ்டேட்காரரும் கன்றுகளை வைத்துச் சூதாட விரும்ப மாட்டார், ஏனென்றால் பை கெட்டால் அவருக்குப் போவது பையின் விலை மட்டும் அல்ல, ஒரு வருடத்து நடவு. அந்தப் பயம் தண்ணீர் கேனின் முன்பணத்தைவிடப் பலமான பூட்டு.

இதன் குறையையும் மறைக்கவில்லை. சேர்வராயன் மலை மட்டும் உங்கள் ஆலைக்குத் தீனி போடாது. கல்வராயன், கொல்லிமலை, மிளகு நாற்று, சவுக்கு நாற்று என்று பரப்ப வேண்டும், ஒவ்வொன்றிலும் சோதனை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். முதல் இரண்டு ஆண்டு வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. ஆகவே கடன் வாங்கி மெஷின் போட்டுவிட்டு இதைச் செய்யாதீர்கள். குருணையை உங்கள் ஸ்டார்ச்சிலிருந்து சிறிய அளவில் கலந்து, பை ஊதுவதை மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்து, வரும் பருவத்துக்கு இரண்டு தோட்டங்களில் ஐந்நூறு ஐந்நூறு பை வையுங்கள். கேரி பேக் மெஷின்மேல் ஆசை விடவில்லை என்றால், முன்பணம் கட்டும் முன் அந்த விற்பனையாளரிடம் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் இதுவரை யார் யாருக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். விற்கும் ஆர்வத்தில் அவரே பட்டியலை எடுத்துக் காட்டுவார். அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து அப்பாவிடம் பேசுங்கள்.